“இன்றைக்கே போகலாம்” என்று சொன்னால் அன்றைக்கே கையெழுத்து வைக்காதீர்கள்

அன்பான தொழிலாளர் தோழர்களே, பிள்ளைகளைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு லயத்தில் காத்திருக்கும் அம்மா அப்பாமாரே,

போன வருடம் தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஜனவரி 10 வெள்ளிக்கிழமை பொழுதுபட்ட பிறகு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. என்னிடம் சாதாரண தரம் வரை படித்த பிள்ளை. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் காசாளர் வேலை. அம்மாவுக்குக் கால் முடியாமல் போய், கொழுந்து எடுக்க மலைக்கு ஏற முடியாத நிலை. அதனால் வேலையை விட்டு வீட்டுக்கு வரத் தீர்மானித்திருந்தாள். அன்று காலையில்தான் முறைப்படி ஒரு மாத நோட்டீஸ் எழுதி மனேஜரிடம் கொடுத்திருக்கிறாள்.

“டீச்சர், மனேஜர் நல்ல மாதிரித்தான் பேசினார். ஒரு மாதம் எல்லாம் நிற்க வேண்டாம், இன்றைக்கே போகலாம், பொங்கலுக்கு வீட்டில் இருக்கலாம் என்று சொன்னார். ஒரு கடிதம் டைப் பண்ணி வைத்திருக்கிறார். கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறார். போடட்டுமா?”

கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆங்கிலத்தில் மூன்றே வரி. “நான் என் சொந்த விருப்பத்தின்படி இன்று முதல், முன்னறிவித்தல் இன்றி, உடனடியாக வேலையிலிருந்து விலகுகிறேன்” என்பதுதான் அதன் பொருள். காலையில் அவள் கொடுத்த நோட்டீஸ் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “நீ எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தாய்?” என்பது. 2020 பெப்ரவரி 3 என்றாள். அடுத்து, நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இரு தரப்பில் எவரும் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, அல்லது அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. கடை, கம்பனி என்று எங்கே போனாலும் இப்படி ஒரு வரி அநேகமாக இருக்கும். எங்கள் பிள்ளைகள் நியமனக் கடிதத்தில் சம்பளத் தொகையைப் பார்ப்பார்கள், இந்த வரியைப் பார்ப்பதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். அவளுடைய மாதச் சம்பளம் 40,000 ரூபாய். காலையில் கொடுத்த நோட்டீஸின்படி அவளுடைய கடைசி நாள் பெப்ரவரி 9. பெப்ரவரி 2 ஆம் தேதியோடு அவளுக்கு ஐந்து வருடச் சேவை பூர்த்தியாகிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கிடைக்க வேண்டும். அந்தக் கடையில் நாற்பது பேர் வேலை. அரை மாதச் சம்பளம் 20,000, ஐந்து வருடத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய். தானாக விலகினாலும், முதலாளி நிறுத்தினாலும் அது ஒன்றுதான்.

மனேஜரின் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் சேவை ஜனவரி 10 ஆம் தேதியோடு முடிகிறது. ஐந்து வருடத்துக்கு இருபத்து மூன்று நாள் குறைவு. ஒரு இலட்சம் போச்சு. நோட்டீஸ் மாதத்தில் கிடைக்க வேண்டிய 40,000 உம் போச்சு. அதற்கு மேல், “முன்னறிவித்தல் இன்றி” என்று அவளே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடுவதால், நியமனக் கடிதத்தின்படி அவள்தான் கடைக்கு ஒரு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். அப்படிக் கேட்கத்தான் போகிறார்கள் என்பதும் தெரிந்தது. ஜனவரியில் வேலை செய்த பத்து நாள் சம்பளம் எப்போது வரும் என்று அவள் கேட்டதற்கு, “அதை நோட்டீஸ் காசில் பார்த்துக்கொள்வோம்” என்று மனேஜர் பதில் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஒரு கையெழுத்தின் விலை 180,000 ரூபாய்.

மனேஜர் தேதியைக் கணக்குப் பார்த்துத்தான் இப்படிச் செய்தாரா, அல்லது பொங்கல் வியாபாரத்துக்கு நடுவில் போகிற ஆளைக் காசுப் பெட்டியில் வைத்திருக்கப் பயந்தாரா என்பது எனக்குத் தெரியாது. கெட்ட எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். பணம் போவது இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த விஷயத்தில் எங்கள் ஆட்கள் குழம்புவது ஒரே இடத்தில்தான். நோட்டீஸ் என்பது முதலாளிக்கு நாங்கள் பட்ட கடன் என்று நினைக்கிறோம். அதனால் “நோட்டீஸ் வேண்டாம், போ” என்று அவர் சொன்னால் கடனைத் தள்ளுபடி செய்தது போலச் சந்தோஷப்படுகிறோம். உண்மையில் அந்த ஒரு மாதம் இரண்டு பேருக்கும் சொந்தம். முதலாளி அதில் வேறு ஆள் தேடிக்கொள்கிறார். தொழிலாளி அதில் சம்பளம் வாங்குகிறார், சேவைக் காலத்தையும் சேர்த்துக்கொள்கிறார். யார் அந்த மாதத்தை வெட்டுகிறாரோ, அவர்தான் மற்றவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். தொழிலாளி நிற்காமல் போனால் தொழிலாளி கொடுக்க வேண்டும். தொழிலாளி நிற்கத் தயாராக இருக்கும்போது முதலாளி “இன்றைக்கே போ” என்றால் முதலாளி கொடுக்க வேண்டும். ஆகவே கேள்வி எப்போதும் “வெட்டியது யார்?” என்பதுதான். “என் சொந்த விருப்பத்தின்படி உடனடியாக” என்று டைப் பண்ணிக் கொண்டுவந்து நீட்டுவது, அந்தக் கேள்விக்கு உங்கள் கையாலேயே தவறான பதிலை எழுத வைப்பதற்குத்தான்.

அன்றிரவு அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். எதிலும் கையெழுத்து வைக்காதே. சண்டையும் பிடிக்காதே. நாளைக்கு வழக்கம் போல எட்டு மணிக்கு வேலைக்குப் போ.

சனிக்கிழமை காலையில் போனாள். வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. பாவம், அந்த மனிதனும் எங்கள் பக்கத்து ஆள்தான், “மேலிடத்து உத்தரவு பிள்ளை” என்றாராம். அவள் வாசலில் நின்றபடியே மனேஜருக்குக் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினாள். காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தேன், காவலாளி திருப்பி அனுப்புகிறார், நேற்றுக் கொடுத்த நோட்டீஸின்படி பெப்ரவரி 9 வரை வேலை செய்யத் தயாராக இருக்கிறேன் என்று. பிறகு நேரே தபால் கந்தோருக்குப் போய், அதே விஷயத்தை எழுதி, நோட்டீஸ் கடிதத்தின் பிரதியையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். திங்கள் போயா, செவ்வாய் பொங்கல். அன்றைக்கு அனுப்பாமல் விட்டிருந்தால் புதன்கிழமைதான் முடிந்திருக்கும். “வேலைக்கு வராமல் தானாகவே நின்றுவிட்டாள்” என்று அதற்குள் அவர்கள் எழுதிவைக்க முடியும். இப்படி எழுதிவைத்த எத்தனையோ பேருடைய கடிதங்களை நான் வாசித்திருக்கிறேன்.

புதன்கிழமை மனேஜர் அவரே கூப்பிட்டார். வேலைக்கு வரத் தேவையில்லை, நோட்டீஸ் மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்றார். இந்த இடத்தில்தான் இன்னொரு பள்ளம் இருக்கிறது. “நோட்டீஸுக்குப் பதிலாகச் சம்பளம்” என்று கொடுத்து ஜனவரி 10 ஆம் தேதியோடு சேவையை முடிப்பது ஒன்று. “வேலைக்கு வர வேண்டாம், ஆனால் பெப்ரவரி 9 வரை நீங்கள் எங்கள் ஊழியர்” என்பது வேறு ஒன்று. கையில் வரும் சம்பளம் இரண்டிலும் 40,000 தான். ஆனால் முதலாவதில் ஐந்து வருடம் பூர்த்தியாகவில்லை என்று நாளைக்கு வாதாட இடம் உண்டு. அந்த வருமானத்துக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டினார்களா என்ற தகராறும் வரும். இரண்டாவதில் அந்த வாதங்களுக்கு இடமில்லை. ஆகவே “கடைசிச் சேவை நாள் 2025 பெப்ரவரி 9” என்ற வரி கடிதத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். முணுமுணுத்துவிட்டு எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை பொங்கலைத் தவறவிட்டாள், ஆனாலும் அந்த வாரமே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நோட்டீஸ் மாதச் சம்பளம் வந்தது. பணிக்கொடை வரவில்லை. சேவை முடிந்து முப்பது நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் மார்ச் 11 க்குள் வந்திருக்க வேண்டும். ஏப்ரலில் நாங்கள் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அந்தக் “கடைசிச் சேவை நாள்” கடிதம் மூன்றும் கையில் இருந்தபடியால் அதிகாரிக்கு விளக்க அதிக நேரம் எடுக்கவில்லை. இரண்டு முறை போய்வந்த பிறகு மே மாதத்தில் பணம் வந்தது. பிந்திக் கொடுத்ததற்கு மேலதிகக் கட்டணமும் சட்டத்தில் உண்டு. பிந்தப் பிந்த அதன் வீதம் கூடும். அதையும் சேர்த்துத்தான் வாங்கினோம்.

இது நல்லபடியாக முடிந்த கதை. முடியாத கதைகளையும் சொல்ல வேண்டும். ஆகக் கூடுதலானது, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுவது. தீபாவளிக்கு வந்த பையன் திரும்பிப் போக மாட்டேன் என்கிறான். அம்மா “சரி, விடு, இங்கேயே இரு” என்கிறார். பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. நோட்டீஸ் கொடுக்காமல் வந்தபடியால் எல்லாமே போய்விட்டது என்று குடும்பமே நம்பிவிடுகிறது. அது சரியில்லை. வேலை செய்த நாட்களின் சம்பளம் உழைத்த காசு. சட்டம் அனுமதிக்காத கழிவை உங்கள் சம்மதம் இல்லாமல் அதில் வெட்ட முடியாது. ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் உங்கள் பெயரில் இருக்கும் பணம், அதில் கைவைக்க எந்த மனேஜருக்கும் அதிகாரம் கிடையாது. ஐந்து வருடம் முடிந்திருந்தால் பணிக்கொடையும் அப்படியே. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் செய்தது போன்ற குற்றத்துக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டால்தான், அந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையில் கைவைக்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் போனது அந்தப் பட்டியலில் இல்லை. முதலாளி கேட்கக்கூடியது ஒப்பந்தத்தில் உள்ள அந்த நோட்டீஸ் மாதத்துக்கான நட்டஈடு மட்டும்.

அதற்காக நோட்டீஸ் கொடுக்காமல் வருவது பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கக் கடிதத்தால் மிச்சமாகும் ஒரு மாதச் சம்பளத்தை ஏன் விட வேண்டும் என்பதே என் கேள்வி.

அடுத்தது, சீக்கிரம் போக வேண்டியவர்கள். புது வேலை கிடைத்திருக்கும், உடனே வரச் சொல்வார்கள். அப்போது நோட்டீஸ் காலத்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பலர் நினைப்பது போல எப்போதும் முழு மாதத்துக்கும் கட்டத் தேவையில்லை. முப்பது நாள் நோட்டீஸில் இருபது நாள் வேலை செய்துவிட்டுப் போகிறவருக்குக் குறைவது பத்து நாள். அந்தப் பத்து நாளுக்கு மட்டும் கணக்குப் போடும்படி கேளுங்கள். மிச்சமிருக்கும் வருடாந்த லீவை அதில் கழிக்கும்படியும் கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். நோட்டீஸ் கொடுக்கும் நாளிலேயே கேட்டால் பேசி முடிக்கலாம். போன பிறகு கேட்டால் ஒப்பந்தத்தில் உள்ள முழுத் தொகையைத்தான் காட்டுவார்கள். பணம் கட்டினால் பற்றுச்சீட்டும், “இனி எந்த நிலுவையும் இல்லை” என்ற கடிதமும் வாங்காமல் வரக்கூடாது.

சில புது முதலாளிமார் “அந்தக் காசை நாங்கள் கட்டுகிறோம், நீ வா” என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பதிலாக இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று ஒரு பொண்டில் கையெழுத்துக் கேட்பார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துத் துண்டு ஞாபகம் வருகிறது எனக்கு. அப்போது ஒரு தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமென்றால், கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று துரை எழுதிய துண்டு வேண்டும். அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் மட்டும் கூடவே வரும். நோட்டீஸ் இல்லாமல் போனால் 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறைக்கும் அனுப்பலாம். துண்டு முறை 1921 இல் ஒழிந்தது. இன்றைக்கு நோட்டீஸ் இல்லாமல் போனதற்காக யாரையும் பொலிசில் பிடித்துக் கொடுக்க முடியாது. அப்படி மிரட்டினால் அது வெறும் மிரட்டல்தான். ஆனால் மற்றவர் கட்டிய காசுக்காகக் கட்டுண்டு கிடப்பதை நாங்களே கையெழுத்துப் போட்டுத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. பத்து நாள் சம்பளத்தைச் சொந்தக் கையால் கட்டிவிட்டுச் சுதந்திரமாகப் போவது எவ்வளவோ மேல்.

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. எங்கள் வேலை மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கப்படும் மாத ஒப்பந்தமாகவே பழைய சட்டத்தில் கருதப்படுகிறது. எந்தப் பக்கம் முடிப்பதானாலும் ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும். நடப்பதோ வேறு. ஆள் கொழும்புக்குப் போய்விடுவார், கொஞ்ச நாளில் செக்ரோலில் பேர் வெட்டப்படும், வருடக் கணக்காகச் செய்த வேலைக்கான பணிக்கொடையைக் கேட்க ஒருவரும் கந்தோருக்குப் போவதில்லை. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் கணக்கு. நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தபோது பன்னிரண்டு வருடம் வேலை செய்து விலகிய ஒருவருக்கு அது 226,800 ரூபாய். உங்கள் வீட்டிலும் இப்படிப் பேர் வெட்டப்பட்ட ஒருவர் இருந்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, நோட்டீஸே கொடுக்காதவரைக் கூப்பிட்டு “நீயாகவே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லாவிட்டால் பேர் கெட்டுப்போகும்” என்பது. இது விலகல் கிடையாது, வேலைநீக்கம். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாளாவது வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். ஆணையாளரிடம் போக விரும்பாத முதலாளிதான் உங்கள் ராஜினாமாக் கடிதத்தைக் கேட்கிறார். ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக் கேட்டாலும் அதே கதைதான். “வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். முறைப்பாட்டுக்கு ஆறு மாதக் கெடு உண்டு, ஆனால் அதுவரை காத்திருந்தால் சாட்சி சொல்லக்கூடியவர்களும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

நோட்டீஸ் கடிதம் எப்படி எழுதுவது என்று பலர் கேட்பதால், அந்தப் பிள்ளை எழுதியதையே தருகிறேன். தமிழில் எழுதலாம். தேதியும் கடைசி நாளும் இருப்பதுதான் முக்கியம்.

“நான் 2020 பெப்ரவரி 3 ஆம் தேதியிலிருந்து இங்கு காசாளராக வேலை செய்கிறேன். நியமனக் கடிதத்தின்படி இன்று, 2025 ஜனவரி 10 ஆம் தேதி, ஒரு மாத முன்னறிவித்தல் தருகிறேன். என் கடைசிச் சேவை நாள் 2025 பெப்ரவரி 9. அதுவரை வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.”

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் “கிடைத்தது” என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துத் தர மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபால். நியமனக் கடிதம் கையில் இல்லாதவர்கள் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே அதன் பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள், கொடுத்த பிறகு கேட்டால் அலுமாரிச் சாவி தொலைந்துபோகும்.